குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் முதலில் முதுகில் தட்டுவதா, நெஞ்சை அழுத்துவதா?

வேலந்தாவளம் மருமகள் · ஞாயிறு, இரவு 9.40

என் மகளுக்கு ஒன்பது மாதம். தவழ்கிறாள், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிறது. நேற்று மதியம் பின்வாசலில் தேங்காய் உடைத்துத் துருவிக்கொண்டிருந்தேன். பெரியவள் ஒரு சில்லைக் கடித்துவிட்டுக் கீழே போட்டிருக்கிறாள். அதைச் சின்னவள் எடுத்ததை நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது உட்கார்ந்த நிலையில் வாயைத் திறந்து வைத்திருந்தாள், கண் பெரிதாக விரிந்திருந்தது. அழுகிற முகம், ஆனால் சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. சத்தம் வந்திருந்தால் முன்னாலேயே திரும்பியிருப்பேன்.

அத்தை ஓடிவந்து உச்சியில் ஊதினார்கள், தலையில் தட்டினார்கள். நான் வாய்க்குள் விரல் விட்டேன். நக நுனியில் ஏதோ தட்டுப்பட்டது, பிடிக்க முடியவில்லை, அது உள்ளே நழுவியது எனக்கே தெரிந்தது. அதற்குள் உதடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா, அங்கன்வாடியில் பயிற்சி எடுத்தவர், வேலியைத் தாண்டி வந்து குழந்தையை வாங்கித் தன் கையில் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து தட்டுத் தட்டினார். வரவில்லை. மல்லாக்கத் திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. வரவில்லை. மறுபடி குப்புற. மூன்றாவது தட்டில் எச்சிலோடு சில்லு தரையில் விழுந்தது. அவள் கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சாயங்காலமே மருத்துவமனையில் காட்டினோம், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுச் சரியாக இருக்கிறது என்றார்கள். இப்போது என் கேள்வி. என் கணவர் வேலை செய்யும் மில்லில் நடந்த வகுப்பில் வயிற்றைப் பிடித்து அழுத்தத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். முதுகில் தட்டவே கூடாது என்கிறார். அக்கா செய்தது சரியா? எது முதலில்?

கஞ்சிக்கோடு பெரியவர் · ஞாயிறு, இரவு 10.15

அம்மணி, குழந்தை பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் உன் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஃபேக்டரியில் முதலுதவிக் குழுவில் இருந்தவன். ஹைம்லிக் என்கிற அமெரிக்க டாக்டர் 1974-ல் சொன்ன முறை அது. பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே முஷ்டியை வைத்து, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி பிடித்து, மற்ற கையால் மூடி, உள்ளேயும் மேலேயும் சேர்த்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். முதுகில் அடித்தால் அடைத்த பொருள் இன்னும் கீழே இறங்கும் என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயில் கல் மாட்டினால் மேலிருந்து தட்டுவோமா, கீழிருந்து காற்றடிப்போமா? அதே கணக்குதான்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · ஞாயிறு, இரவு 11.05

ஐயா, முஷ்டி வைக்கிற இடமும் இழுக்கிற திசையும் நீங்கள் சொன்னது அப்படியே சரி. பெரியவர்களுக்கு. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு அதைச் செய்யவே கூடாது. கைக்குழந்தைக்குக் கல்லீரல் உடம்பளவுக்குப் பெரிது, விலா எலும்புக்குக் கீழே வெளியே இறங்கியிருக்கும். வயிற்றை அழுத்தினால் அது கிழியும். அதனால்தான் அவர்களுக்கு வயிற்றுக்குப் பதில் நெஞ்சு.

வேலந்தாவளம் தங்கச்சி, உங்கள் பக்கத்து வீட்டு அக்கா செய்த வரிசை சரி. முதுகில் ஐந்து, நெஞ்சில் ஐந்து, மறுபடி முதுகில் ஐந்து. பொருள் வெளியே வரும்வரை, அல்லது குழந்தை துவண்டு போகும்வரை இப்படியே மாறி மாறி. ஐந்து என்பது அதிகபட்சம்தான். இரண்டாவது தட்டில் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் வாயைப் பாருங்கள்.

அந்த அக்கா குழந்தையைப் பிடித்த விதத்தைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான் நடக்கிறது. நான் குழந்தைகள் வார்டில் ஆறு வருடம் இருந்தேன், பெற்றோருக்குப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். முதலில் உட்காருங்கள். நின்றபடி செய்தால் பதற்றத்தில் குழந்தை நழுவும். உங்கள் முன்கை தொடைமேல் கிடக்கட்டும், அதன்மேல் குழந்தை குப்புற, கால்கள் இரண்டும் உங்கள் முழங்கைக்கு இரு பக்கமும். தலை உடம்பைவிடத் தாழ்ந்து, முழங்கால் பக்கம் இருக்க வேண்டும். கட்டைவிரலும் மற்ற விரல்களும் தாடை எலும்பைப் பிடிக்க வேண்டும். தாடைக்கு அடியில் இருக்கிற மெத்தென்ற இடத்தை எல்லோரும் அறியாமல் பிடித்து அழுத்திவிடுகிறார்கள், அது இருக்கிற கொஞ்ச வழியையும் அடைத்துவிடும். அப்புறம் மற்ற கையின் அடிப்பகுதியால், மணிக்கட்டை ஒட்டிய மேட்டால், இரண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவில் தட்ட வேண்டும். தூங்கவைக்கத் தட்டுகிற தட்டு இல்லை. குழந்தையின் உடம்பு முழுதும் அதிர வேண்டும். பெற்ற தாய்க்கு அந்தப் பலத்தில் தட்டக் கை வராது, பொம்மையில் பழகாமல் வரவே வராது.

திருப்பும்போது தட்டிய கையால் பின்மண்டையைத் தாங்கி, இரண்டு முன்கைக்கும் நடுவில் குழந்தையை வைத்து ஒரே அசைவில் மல்லாக்கத் திருப்புங்கள். இப்போதும் தலை தாழ்ந்தே இருக்கட்டும். இரண்டு முலைக்காம்புக்கும் நடுவில் ஒரு கோடு என்று நினைத்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பின் மேல் அழுத்துங்கள். எலும்பின் கீழ் நுனிக்கு இறங்கிவிடக் கூடாது. நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும், சுமார் 4 செ.மீ. ஒவ்வொன்றும் தனித்தனி, வெடுக்கென்று.

உச்சியில் ஊதியதால் கெடுதல் இல்லை, ஆனால் அந்த நேரம் போனது போனதுதான். விரல் விட்டதுதான் ஆபத்து. கண்ணுக்குத் தெரிந்து, எட்டினால் மட்டும் எடுக்கலாம். தெரியாமல் துழாவினால் நீங்கள் சொன்னது போலவே உள்ளே தள்ளப்படும்.

கஞ்சிக்கோடு பெரியவர் · திங்கள், காலை 6.20

கைக்குழந்தை விஷயம் ஏற்றுக்கொள்கிறேன், கல்லீரல் விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் பெரியவர்களுக்கும் முதுகில் தட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஹைம்லிக்கே அதைச் சாவு அடி என்று சொல்லியிருக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · திங்கள், காலை 7.10

சொன்னார், உண்மைதான். அமெரிக்காவில் வெகுகாலம் பெரியவர்களுக்கு வயிற்றழுத்தம் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஊர் ஃபேக்டரி வகுப்புகளும் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நடந்தன. ஐரோப்பாவில் அப்போதும் முதுகில் ஐந்து, பிறகு வயிற்றில் ஐந்து. 2025 அக்டோபரில் அமெரிக்க இதயச் சங்கமும் அந்த வரிசைக்கு வந்துவிட்டது. அதனால் உங்கள் வகுப்பு அன்றைக்குத் தவறு இல்லை ஐயா, இன்றைக்கு மாறிவிட்டது.

கீழே இறங்கும் என்ற பயத்துக்குக் காரணம் ஆளை நிமிர்ந்து நிற்க வைத்துத் தட்டுவது. அப்படித் தட்டினால் பொருள் போக வழி கீழேதான். ஆளின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் நின்று, ஒரு கையை நெஞ்சில் கொடுத்து, இடுப்பிலிருந்து நன்றாக முன்னால் குனியவைத்து, தலை தாழ்ந்த பிறகு தட்டுங்கள். வாய் தரையைப் பார்க்க வேண்டும். ஐந்திலும் வரவில்லை என்றால் உங்கள் முஷ்டி. அதிலும் வரவில்லை என்றால் மறுபடி முதுகு. ஒன்றில் அசையாதது மற்றதில் அசைகிறது, அதனால்தான் இரண்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்கும், கை சுற்ற முடியாத அளவு உடம்பு உள்ளவருக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்சின் நடுவில் வைத்து நேராகப் பின்னால் இழுக்க வேண்டும்.

ஆழியாற்று மீன் · திங்கள், காலை 8.45

எங்கள் வீட்டில் இதற்குக் கைவைத்தியம் உண்டு. சோற்றை உருண்டையாகப் பிடித்து மெல்லாமல் முழுங்கச் சொல்வோம், வாழைப்பழமும் கொடுப்போம். போன மாதம் என் தம்பிக்குக் கெண்டை முள் குத்தியபோது இதில்தான் போயிற்று. இவ்வளவு அடி உதை எதற்கு?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · திங்கள், காலை 9.00

முள் குத்துவது வேறு. அவர் பேசினார், மூச்சு விட்டார், வலிக்கிறது என்று சொன்னார் இல்லையா? அது சாப்பாடு இறங்குகிற பாதை. முள்ளுக்கும் சோற்று உருண்டை வேண்டாம் என்பேன், இன்னும் ஆழமாகக் குத்த வாய்ப்புண்டு. ஆனால் மூச்சே அடைத்தவருக்குச் சோறோ தண்ணீரோ கொடுத்தால் அடைப்புக்கு மேல் இன்னொரு அடைப்பு. தயவுசெய்து இந்த இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டாம்.

கோபாலபுரம் ஆட்டோ · திங்கள், மதியம் 1.30

எனக்கு ஒரு சந்தேகம். சாப்பிடும்போது புரையேறுவது எல்லோருக்கும் நடக்கிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவோம், சரியாகிவிடும். எது சாதாரணப் புரை, எது அடைப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாரையும் குனியவைத்து அடிக்க முடியாது.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · திங்கள், மதியம் 2.15

காதால் தெரிந்துகொள்ளலாம் தம்பி. புரையேறினவர் சத்தமாக இருமுவார். இருமலுக்கு நடுவில் இழுத்து மூச்சு வாங்குவார், ஒரு வார்த்தையாவது பேசுவார். அவரைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், "இருமுங்க, இன்னும் பலமா இருமுங்க" என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த இருமலைவிடப் பலமான அழுத்தத்தை நம் கை கொடுக்க முடியாது.

அடைத்தவரிடம் சத்தம் இருக்காது. இருமுகிற அசைவு இருக்கும், ஓசை வராது. அல்லது கீச்சென்று ஒரு இழுப்பு மட்டும். "பேச முடியுதா?" என்று கேளுங்கள். தலையை ஆட்டினால், கை கழுத்துக்குப் போனால், தொடங்கிவிட வேண்டியதுதான். புரை சில சமயம் கண்முன்னாலேயே அடைப்பாக மாறும். சத்தமாக இருமிக்கொண்டிருந்தவரின் இருமல் மெலிந்து ஓசை அடங்கினால் அது குணமாகிற அறிகுறி இல்லை. குழந்தைக்கு அழுகைதான் அளவுகோல். அழுகிறது என்றால் காற்று போகிறது. நம்மைப் போன்ற மாநிறத்துக்கு முகத்தில் நீலம் சீக்கிரம் தெரியாது, உதட்டின் உள்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள்.

நல்லேப்பிள்ளி தென்னை · திங்கள், இரவு 8.50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான்கு வருடம் முன்பு சித்தூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்பா என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பல்செட் போட்டவர். கறித்துண்டைச் சரியாக மெல்லவில்லை போலிருக்கிறது. திடீரென்று இலையை மூடாமல் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனார். நான் பாயசம் வருகிறதே, ஏன் எழுந்தார் என்றுதான் நினைத்தேன். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் ஓடிவந்து, பெரியவர் விழுந்துவிட்டார் என்றான். எல்லோரும் மாரடைப்பு என்றார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், சோடா கொடுக்கப் பார்த்தோம், விசிறினோம், காரில் ஏற்றினோம். மருத்துவமனையில் தொண்டையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினார்கள். அப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

விழுந்த பிறகு என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · திங்கள், இரவு 10.20

அண்ணா, உங்கள் அப்பா எழுந்து போனது போலத்தான் பலர் போகிறார்கள். பந்தியில் எல்லோர் முன்னாலும் வாந்தி எடுத்துவிடுவோமோ என்ற கூச்சம். பேச முடியாததால் சொல்லவும் முடியாது. அதைப் பார்த்து உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், சாப்பாட்டு நடுவில் ஒருவர் பேசாமல் எழுந்து போனால் பின்னாலேயே போங்கள்.

விழுந்து நினைவு தப்பிவிட்டால் முதுகும் வயிறும் அத்தோடு முடிந்தது. கெட்டியான தரையில் மல்லாக்கப் போட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்த ஆரம்பிக்க வேண்டும், 5 செ.மீ. இறங்கும்படி, 30 தடவை. நாடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு வாயைத் திறந்து பாருங்கள். பொருள் தெரிந்தால் எடுங்கள், தெரியாவிட்டால் விரல் விடாதீர்கள். இரண்டு மூச்சு ஊதிப் பாருங்கள், மறுபடி 30. அந்த நெஞ்சழுத்தமே அடைப்பையும் கீழிருந்து தள்ளும். ஆம்புலன்ஸ் வரும்வரை இது நிற்கக் கூடாது. காரில் மடியில் கிடத்திக் கொண்டுபோனால் அந்த நேரம் முழுதும் அழுத்தம் இல்லாமல் போகிறது. கைக்குழந்தை துவண்டாலும் இதே 30க்கு 2 கணக்குதான், அழுத்தம் 4 செ.மீ.

அன்றைக்கு இதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது அண்ணா.

நல்லேப்பிள்ளி தென்னை · திங்கள், இரவு 10.40

தெரிந்துகொண்டதே போதும் தங்கச்சி.

கோபாலபுரம் ஆட்டோ · செவ்வாய், காலை 7.00

108 பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லையில் இருக்கிற நமக்கு ஃபோன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை செக்போஸ்டுக்கு அந்தப்புறம் விபத்து, நான் கூப்பிட்டது தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டது, ஊர் பெயரைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நேரம் போனது. அதிலிருந்து எடுத்தவுடன் "பாலக்காடு மாவட்டம், கேரளா" என்றுதான் ஆரம்பிப்பேன், அப்புறம்தான் ஊர். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிடுங்கள், கை இரண்டும் வேலைக்கு வேண்டும்.

மீனாட்சிபுரம் அம்மா · செவ்வாய், காலை 11.30

நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் என் மகனுக்கு ஒரு வயதில் புளியங்கொட்டை அடைத்தபோது என் மாமனார் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒரே தட்டு. வந்துவிட்டது. இன்று அவன் கல்லூரியில் படிக்கிறான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · செவ்வாய், மதியம் 12.10

அக்கா, தலை தாழ்ந்தது, முதுகில் தட்டு விழுந்தது, அந்த இரண்டும்தான் வேலை செய்திருக்கும். காலைப் பிடித்துத் தொங்கவிட்டால் பிடி வழுக்கும், கழுத்துக்குத் தாங்கல் கிடையாது. நெஞ்சை அழுத்தவும் கை இருக்காது, ஒரே தட்டில் வராவிட்டால் அடுத்து என்ன செய்வார்?

மீனாட்சிபுரம் அம்மா · செவ்வாய், மதியம் 12.25

வந்ததே. அதற்குமேல் நான் என்ன சொல்வது.

கஞ்சிக்கோடு பெரியவர் · செவ்வாய், மாலை 5.40

பேரனுக்கு எட்டு மாதம். மருமகளிடம் சொல்லி, துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையில் போட்டுப் பழகினேன். ஒரு கேள்வி. நெஞ்சில் அழுத்துவதற்கு இரண்டு விரலா, உள்ளங்கை அடியா? மருமகள் கர்ப்பமாக இருந்தபோது போன வகுப்பில் இரண்டு விரல் என்றார்களாம்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · செவ்வாய், இரவு 9.15

நானும் இரண்டு விரல்தான் படித்தேன், சொல்லியும் கொடுத்தேன். புதிய அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்தச் சொல்கிறது, விரலால் போதிய ஆழம் இறங்குவதில்லை என்பதால். எட்டு மாதப் பையனுக்கு அது நன்றாகப் பொருந்தும். பிறந்து ஒரு மாதமான பிஞ்சுக்கு என் கை நெஞ்சு முழுவதையும் மூடிவிடுகிறது, எலும்பின் கீழ் நுனியைத் தாண்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் இடத்திலேயே இதில் இரண்டு கருத்து ஓடுகிறது.

வேலந்தாவளம் மருமகள் · புதன், காலை 6.50

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். நேற்று ராத்திரியிலிருந்து பாப்பா இருமுகிறாள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தூங்கும்போது மூச்சில் மெல்லிய விசில் கேட்கிறது. அத்தை பனி பட்டிருக்கும் என்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · புதன், காலை 6.58

அந்தச் சில்லை எறிந்துவிட்டீர்களா?

வேலந்தாவளம் மருமகள் · புதன், காலை 7.10

இல்லை. ஏனோ எறிய மனசு வரவில்லை, காகிதத்தில் மடித்துச் சாமி மாடத்தில் வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் பெரியவள் கடித்த பல்தடம் இருக்கிறது. எதிர்ப்பக்க மூலை உடைந்திருக்கிறது, மிளகு அளவு இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ் · புதன், காலை 7.14

இன்றைக்கே போங்கள், சாயங்காலம் வரை வைக்காதீர்கள். அந்த மூலை மண்ணில் விழும்போதும் உடைந்திருக்கலாம், ஆனால் உள்ளே தங்கியிருந்தால் மூச்சுக்குழல் கிளையில் இருக்கும், பெரும்பாலும் வலது பக்கம். இரண்டு பக்க நெஞ்சிலும் காற்றுச் சத்தத்தை ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தேங்காய் தெரியாது, அதனால் படம் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் திரும்பிவிடாதீர்கள். சனிக்கிழமை அடைத்தது, அதற்கு மூன்று நாள் கழித்து விசில் என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். குழாய் விட்டுப் பார்க்கிற வசதி உள்ள இடமாகப் போக வேண்டும், கோயம்புத்தூர் நல்லது. வழியில் ஒன்றும் ஊட்ட வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில்லைக் கையோடு எடுத்துப் போங்கள். உதடு நிறம் மாறினால், மூச்சு இழுத்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் 108.

கோபாலபுரம் ஆட்டோ · புதன், காலை 7.16

வேலந்தாவளத்தில் எங்கே வீடு? செக்போஸ்ட் பக்கம் என்றால் பதினைந்து நிமிடத்தில் வருகிறேன்.

வேலந்தாவளம் மருமகள் · புதன், காலை 7.25

பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி கார் எடுக்கிறார் அண்ணா, அக்காவும் கூட வருகிறார்கள். பாப்பா என் தோளில் தூங்குகிறாள், விசில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசிப் பால் 5.30. கிளம்பிவிட்டோம்.